ஓரத்தில் தெரியும் கறுப்புப் படிகள்

இரவு வானத்தைப் படம் எடுப்பவர்கள் ஒரே காட்சியை ஐம்பது முறை, நூறு முறை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறார்கள். இதை ஸ்டேக்கிங் என்கிறார்கள். ஒரு நிமிடம் திறந்துவைத்து எடுத்த ஒற்றைப் படத்தில் நெபுலாவின் மெல்லிய பகுதிகள் புள்ளிப்புள்ளியான நாய்ஸுக்குள் மறைந்து கிடக்கும். நூறு படங்களின் சராசரியை எடுத்தால் அந்த நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வாயு மேகம் மெல்ல எழுந்து வரும்.

ஆனால் அடுக்கி முடித்த படத்தைத் திரையில் வெளிச்சம் கூட்டிப் பார்த்தால், ஓரங்களில் ஒழுங்கில்லாத கறுப்புக் கரை ஒன்று நிற்கும். ஒரு பக்கம் மெல்லியதாக, இன்னொரு பக்கம் தடித்ததாக, படிப்படியாக உள்ளே இறங்கியிருக்கும். புதிதாக இதில் இறங்குபவர்கள் பலர் கேமராவில் கோளாறு, லென்ஸில் கோளாறு என்று கவலைப்படுகிறார்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. படங்களைச் சரியாகப் பொருத்தியதன் விளைவுதான் அந்தக் கரை. அதை வெட்டி எடுப்பது எளிய வேலை. எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது.

கரை எப்படி வருகிறது? இரண்டு மணி நேரம் தொடர்ந்து படம் எடுக்கும்போது நட்சத்திரங்கள் எல்லாப் படங்களிலும் ஒரே பிக்ஸலில் நிற்பதில்லை. மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருள் ஒரு படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு படத்தையும் அதன் நட்சத்திரங்கள் மாதிரியின் நட்சத்திரங்கள் மேல் உட்காரும்வரை தள்ளிவைக்கிறது. நட்சத்திரங்கள் பொருந்திவிடும், படத்தின் ஓரங்கள் பொருந்தாது. தட்டிச் சமன்செய்யாத விடைத்தாள் கட்டின் ஓரம்போல, ஒவ்வொரு படத்தின் விளிம்பும் வெவ்வேறு இடத்தில் முடியும். நடுவில் எல்லாப் படங்களும் இருக்கும். ஓரத்துக்குப் போகப்போகப் படங்களின் எண்ணிக்கை குறையும்.

தமிழ்நாட்டில் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கரை பெரும்பாலும் கொஞ்சம் தடிமனாகவே வரும். அதற்கு நம் அட்சரேகை காரணம். வானம் சுற்றுவதற்கு ஈடாகக் கேமராவைச் சுற்றும் கருவியை டிராக்கர் என்கிறோம். அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கி இருந்தால்தான் நட்சத்திரங்கள் நிற்கும். துருவத்தைக் காட்டித் தரும் துருவ நட்சத்திரமோ, ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் தெரியும். சென்னையில் 13 டிகிரி, கொடைக்கானலில் 10 டிகிரி. அவ்வளவு தாழ்வில் மரம் மறைக்கும், மலை மறைக்கும், அடிவானத்து மூட்டம் மறைக்கும். எனவே நம்மில் பலர் காம்பஸையும் அலைபேசிச் செயலியையும் நம்பி அச்சைத் திருப்புகிறோம். அரை டிகிரி பிசகுவது சாதாரணம்.

அந்த அரை டிகிரி என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி நடுவில், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறைப் பக்கத்தில் ஓரிடம். குறி ஓரியன் நெபுலா. 200 மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவின் படம் அகலத்தில் 5184, உயரத்தில் 3456 பிக்ஸல். ஒரு பிக்ஸலின் அளவு 4.3 மைக்ரான். இந்தச் சேர்க்கையில் ஒரு பிக்ஸல் வானத்தில் ஏறக்குறைய 4.4 வினாடிக் கோணத்தை மூடும். ஓரியன் நெபுலா இரவு பத்தேகால் வாக்கில் உச்சியைக் கடக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, ஒரு மணி நேரம் பின்பு வரை, நிமிடத்துக்கு ஒன்றாக 120 படங்கள்.

அச்சு கிழக்கு மேற்காக அரை டிகிரி விலகியிருந்தால், இந்த இரண்டு மணி நேரத்தில் நெபுலா வடக்கு தெற்காகச் சுமார் 15 நிமிடக் கோணம் நகர்ந்துவிடும். பிக்ஸலில் சொன்னால் 210. ஒரு நிமிடத்துக்கு இரண்டு பிக்ஸலுக்கும் குறைவு என்பதால் தனிப்படம் எதிலும் நட்சத்திரம் கோடாகத் தெரியாது. எல்லாப் படங்களும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அடுக்கிய பிறகுதான் 210 பிக்ஸல் அகலக் கரை வெளியே வரும். பக்கவாட்டில் டிராக்கரின் பல்சக்கரம் முன்னும் பின்னும் ஆடுவதாலும், சென்சாரின் கறைகள் ஒரே இடத்தில் பதியாமல் இருக்க நாமே அவ்வப்போது கேமராவைச் சற்று நகர்த்துவதாலும், இடப்பக்கமும் வலப்பக்கமும் 30 பிக்ஸல் வரை போகும்.

முதல் படத்தை மாதிரியாக வைத்தால் அந்த 210-ம் ஒரே பக்கத்தில், கீழ் விளிம்பில் என்று வைத்துக்கொள்வோம், வந்து சேரும். நடுவில் எடுத்த படத்தை மாதிரியாக வைத்தால் மேலே 105, கீழே 105 என்று பிரியும். மொத்த இழப்பு இரண்டிலும் ஒன்றுதான். வெட்டிய பிறகு நெபுலா எங்கே உட்காரும் என்பது மட்டும் மாறும். முதல் படத்தில் நெபுலாவை நடுவில் வைத்துவிட்டு, அதையே மாதிரியாக்கி, கீழே மட்டும் வெட்டினால் இறுதிப் படத்தில் நெபுலா கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கும்.

இப்போது அந்தக் கீழ்க் கரையை நெருங்கிப் பார்க்கலாம். நகர்வு சீராக இருந்தால், வெளி விளிம்பிலிருந்து 21 பிக்ஸல் உள்ளே 12 படங்கள்தான் இருக்கும். 105 பிக்ஸல் உள்ளே 60 படங்கள். 210-ஐத் தாண்டினால்தான் 120-ம் சேரும். படம் ஒன்று கூடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு படி. இல்லாத படங்களைப் பூஜ்யமாக எண்ணி 120-ஆல் வகுத்துவிடும் மென்பொருளில் 60 படங்கள் உள்ள இடம் பாதி வெளிச்சத்தோடு தெரியும். அதுதான் கறுப்புப் படிக்கட்டு. இருக்கும் படங்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்கும் மென்பொருளில் வெளிச்சம் சமமாக வந்துவிடும், கரை கண்ணில் படாது. பலர் ஏமாறுவது இந்த இரண்டாவது வகையில்தான். வெளிச்சம் சமமானாலும் நாய்ஸ் சமமாவதில்லை. 60 படங்கள் உள்ள இடத்தில் நடுப்பகுதியைவிட 1.4 மடங்கு நாய்ஸ். 12 படங்கள் உள்ள இடத்தில் மூன்று மடங்குக்கு மேல்.

இன்னொரு அடையாளமும் உண்டு. விமானமும் செயற்கைக்கோளும் போட்டுவிட்டுப் போகும் கோடுகளை, மற்ற படங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாதது என்று மென்பொருள் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளுவதற்கு ஒப்பிட நிறையப் படங்கள் வேண்டும். ஓரத்தில் நாலைந்து படங்கள் மட்டும் இருக்கும்போது அந்த ஒப்பீடு நடக்காது. அதனால் படத்தின் நடுவில் சுத்தமாக மறைந்துபோன ஒரு கோடு, ஓரத்தில் மட்டும் ஒரு துண்டாகத் திடீரென்று தொடங்கும். அப்படி ஒரு துண்டு தெரிந்தால் கரை இன்னும் முடியவில்லை என்று பொருள். அதற்கும் உள்ளேதான் வெட்ட வேண்டும்.

அப்படியானால் 120 படங்களும் உள்ள இடம் வரை வெட்டிவிட வேண்டுமா? என் தீர்ப்பு, வேண்டாம் என்பதே. 90 படங்கள் உள்ள இடத்தில் நாய்ஸ் நடுப்பகுதியைவிட 15 சதவீதம்தான் அதிகம். கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நம் கணக்கில் அந்த இடம் வெளி விளிம்பிலிருந்து சுமார் 160 பிக்ஸல். 210-க்குப் பதில் அங்கே நிறுத்தினால் ஐம்பது வரிசைகள் மிஞ்சும். ஓரியன் நெபுலாவைச் சுற்றியுள்ள மங்கலான தூசிப் படலத்துக்கு அந்த ஐம்பது வரிசைகள் பயன்படும். ஆனால் இது, இருக்கும் படங்களால் மட்டும் வகுக்கும் மென்பொருளுக்கே பொருந்தும். பூஜ்யத்தையும் சேர்த்து வகுத்திருந்தால் 90 படங்கள் உள்ள இடம் கால் பங்கு இருண்டிருக்கும். அப்போது 210 முழுவதையும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள, படத்தைத் திரையில் மிகவும் வெளிச்சமாக்கிப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சிரில் மென்பொருளில் கீழே உள்ள காட்சி முறையை AutoStretch என்று மாற்றினால் போதும். அது படத்தை மாற்றாது, காட்டும் விதத்தை மட்டும் மாற்றும். இன்னும் கடுமையாகப் பார்க்க அதே பட்டியலில் Histogram இருக்கிறது. பிறகு ஒரு பிக்ஸலுக்கு ஒரு பிக்ஸல் என்ற அளவுக்குப் பெரிதாக்கி நான்கு மூலைகளுக்கும் போக வேண்டும். முழுப் படத்தையும் சுருக்கித் திரையில் வைத்துப் பார்த்தால் படிகள் ஒன்றோடொன்று கரைந்து ஒளிந்துகொள்ளும்.

நம் படத்துக்கு வெட்டு இப்படி அமையும்:

```
crop 30 6 5124 3284
```

முதல் இரண்டு எண்கள் இடது மேல் மூலை எங்கே தொடங்குகிறது என்பது. அடுத்த இரண்டும் மிஞ்சும் அகலமும் உயரமும். இடமும் வலமும் 30, மேலே பொருத்தும்போது மங்கிப்போகும் விளிம்புக்காக 6, கீழே 166. மொத்தப் பரப்பில் ஆறு சதவீதம் போகிறது. எண்களைத் தட்டப் பிடிக்காதவர்கள் மவுஸால் செவ்வகம் இழுத்து வலது கிளிக் செய்தும் வெட்டலாம்.

எப்போது வெட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுக்கி முடித்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன். பலர் கடைசியில், படத்தை அழகுபடுத்தி முடித்த பிறகு வெட்டுகிறார்கள். அதற்குள் கரை தன் வேலையைக் காட்டிவிட்டிருக்கும். அடுக்கிய பிறகு வழக்கமாகச் செய்யும் முதல் திருத்தம், தூரத்து ஊரின் விளக்கொளியால் வானத்தில் படரும் வெளிச்சச் சரிவை நீக்குவது. அதற்கு மென்பொருள் படம் முழுவதும் சிறு கட்டங்களைத் தூவி, ஒவ்வொன்றிலும் வானம் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, அந்த அளவுகள் வழியே ஒரு வளைந்த பரப்பைப் பொருத்தி, அதைப் படத்திலிருந்து கழிக்கிறது. சில கட்டங்கள் கறுப்புக் கரையின் மேல் விழுந்தால், வானமே அங்கே இருட்டு என்று மென்பொருள் நம்பிவிடும். பரப்பு அந்த இடத்தில் சரேலென்று கீழே வளையும். வளைவு கரையோடு நிற்காது, நல்ல பகுதிக்குள்ளும் நீளும். அங்கே கழிக்க வேண்டியதைவிடக் குறைவாகவே கழியும். விளைவாக, கரையை ஒட்டி உள்ளே ஒரு வெளிறிய பட்டை எஞ்சும். அது சிவப்பாகவோ பச்சையாகவோ இருப்பதும் உண்டு. கரையைப் பிறகு வெட்டினாலும் அந்தப் பட்டை போகாது. நெபுலாவின் ஒளி என்று அதை எண்ணி மேலும் தூக்கிக் காட்டினால் படம் முழுவதும் கெட்டுவிடும்.

கறுப்பு வெள்ளைக் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டி மாற்றித் தனித்தனியாக எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று அடுக்குகளின் கரைகளும் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திய பிறகு, மூன்றுக்கும் பொதுவான பகுதியை ஒரே அளவில் வெட்டினால்தான் ஓரத்தில் வண்ணக் கோடுகள் வராமல் இருக்கும்.

வெட்டும் வேலையை மென்பொருளிடமே விட்டுவிடவும் வழி உண்டு. சிரிலில் இப்படிக் கட்டளையிடலாம்:

```
register pp_light -2pass
seqapplyreg pp_light -framing=min
```

இதில் `min` என்பது எல்லாப் படங்களுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் Intersection என்ற தேர்வு அதே வேலையைச் செய்யும். வசதிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது. 120 படங்களில் ஒரே ஒரு படத்தின்போது யாராவது முக்காலியில் இடித்து, அது 800 பிக்ஸல் விலகிப்போயிருந்தால், பொதுவான பகுதி அந்த ஒரு படத்துக்காகவே சுருங்கும். மீதி 119 படங்களின் ஓரமும் சேர்ந்து போகும். முடிவில் வந்த படம் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்தால் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட ஒற்றைப் படத்தைத்தான். ஒவ்வொரு படமும் எவ்வளவு நகர்ந்தது என்ற எண்களைப் பார்த்தால் அது தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை நீக்கிவிட்டு மீண்டும் அடுக்கினால் பரப்பு திரும்பக் கிடைக்கும். ஒரு படம் போவதால் நாய்ஸில் தெரியும்படியான வித்தியாசம் எதுவும் வராது.

இதுவரை சொன்னது நகர்வு. சுழற்சி வேறு கதை. அண்மைக் காலத்தில் ஸீஸ்டார் போன்ற சிறு தானியங்கித் தொலைநோக்கிகள் பலர் கைக்கு வந்திருக்கின்றன. இவற்றைச் சாதாரணமாக நேரே நிறுத்திவைத்தால், மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பி நட்சத்திரத்தைத் தொடரும். குறி நடுவில் நிற்கும், ஆனால் வானம் அதைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். அடுக்கிய படத்தின் மூலைகளில் விசிறி விரித்தாற்போல் ஆப்பு ஆப்பாகக் கரை வரும். இங்கேயும் நம் அட்சரேகை குறுக்கிடுகிறது. குறி உச்சிக்கு அருகே போகும்போதுதான் சுழற்சி மிக வேகம். ஓரியன் நெபுலா தமிழ்நாட்டில் 70 டிகிரிக்கும் மேலே ஏறுவதால், அது உச்சியைக் கடக்கும் வேளையில் மணிக்குச் சுமார் 50 டிகிரி வேகத்தில் படம் சுழலும். பத்து நிமிடத்தில் எட்டு டிகிரி. ஸீஸ்டார் எஸ்50-இன் 1920 பிக்ஸல் நீளப் படத்தில் அது நீண்ட ஓரத்தின் முனையை 130 பிக்ஸல் தள்ளிவிடும். அதே நெபுலாவை மூன்று மணி நேரம் முன்பே, அது கிழக்கு வானில் இருக்கும்போது எடுத்தால் சுழற்சி மணிக்கு ஆறேழு டிகிரிதான். அதனால் இந்தக் கருவி வைத்திருப்பவர்கள் ஜனவரியில் பத்து மணி வரை காத்திருக்காமல், இருட்டியதும் ஏழேகாலுக்கே தொடங்குவது நல்லது. அடிவானத்துக்கு மிக அருகில் இருந்தால் காற்றின் கலக்கம் படத்தைக் கெடுக்கும். 40 டிகிரி உயரம் இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல இடம்.

எல்லாக் கறுப்பு ஓரமும் வெட்டுக்கு உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லென்ஸ் தன் இயல்பிலேயே மூலைகளை இருட்டாக்கும். அந்த இருட்டு வட்டமானது, மென்மையானது, நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி இருக்கும், ஒற்றைப் படத்திலும் தெரியும். அதற்கு மருந்து, சீரான வெள்ளை ஒளியில் எடுக்கும் ஃபிளாட் படங்கள். அதையும் கரை என்று நினைத்து வெட்டிக்கொண்டே போனால் பாதிப் படம் கையை விட்டுப் போகும். அடுக்கியதால் வரும் கரை நேர்கோட்டில் இருக்கும், படியாக இருக்கும், ஒற்றைப் படத்தைத் திறந்து பார்த்தால் இருக்கவே இருக்காது. சந்தேகம் வந்தால் ஒற்றைப் படம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிமிடத்தில் தெளிந்துவிடும்.

ஓரத்தை நிரப்பும் கருவிகளால் கறுப்பை மூடிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இடத்தில் கேமரா போதிய ஒளியைப் பிடிக்கவில்லை. கருவி அங்கே வரைவது அருகிலிருந்து நகலெடுத்த நட்சத்திரங்களை. வானத்தில் இல்லாத நட்சத்திரத்தைப் படத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வெட்டிய படம் சற்றுச் சிறியதாக இருக்கும், ஆனால் அதில் உள்ளதெல்லாம் வானத்தில் இருக்கும்.

வெட்ட வேண்டிய அளவைக் குறைக்க விரும்பினால் அதைப் படம் எடுக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். குறியைச் சட்டத்தின் விளிம்புவரை நிறைக்காமல் சுற்றிலும் பத்தில் ஒரு பங்காவது இடம் விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, நெபுலாவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து தொடருங்கள். அதே அரை டிகிரிப் பிசகில், 210 பிக்ஸல் கரை ஏறக்குறைய 55 பிக்ஸலாகக் குறைந்துவிடும். வீட்டுக்கு வந்து அடுக்கிய பிறகு, வெட்டாத கோப்பைத் தனியாக ஒரு பெயரில் சேமித்துவிட்டு, அதன் நகலில் மட்டும் வெட்டுங்கள். அடுத்த மாதம் இன்னும் நூறு படங்கள் சேர்த்து அடுக்கும்போது இன்று வெட்டிய ஓரத்துக்கும் போதிய படங்கள் கிடைத்துவிடலாம்.